வளைகுடா வெயிலில் வேலை: முதல் வாரத்தில் கவனிக்க வேண்டியவை

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. ஜூலை முதல் வாரம் கத்தாருக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போகிறான். "ராமநாதபுரம் வெயிலைவிடவா" என்று தைரியமாகப் பேசுகிறான். அங்கே வெயிலில் ஆட்கள் செத்துப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவனிடம் என்ன சொல்லி அனுப்புவது?

பதில்:

வளைகுடாவில் கட்டுமான சைட் கிளினிக்கில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பி மனதில் முதலில் பதிய வேண்டியது, ஆபத்து அதிகமாக இருப்பது முதல் வாரத்தில்தான் என்பது. வெளிவேலையில் வெப்பம் தாக்கி இறப்பவர்களில் பாதிக்கு மேல் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களுக்குள் இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான ஓஷா பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. கிளினிக்குக்குத் தூக்கி வரப்பட்டவர்களிலும் புதிதாக வந்தவர்களும் லீவு முடிந்து திரும்பியவர்களும்தான் அதிகம். வயதானவர்களைவிட, "என்னால் முடியும்" என்று இழுத்துப் பிடித்த இளைஞர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ராமநாதபுரம் வெயிலில் வளர்ந்தவன் என்பது ஓரளவுதான் உதவும். உடம்பு வெப்பத்துக்குப் பழகுவது ஊரைப் பொறுத்தது கிடையாது. கடைசி இரண்டு வாரம் அவன் வெயிலில் என்ன வேலை செய்தான் என்பதைப் பொறுத்தது. தினமும் வெயிலில் உழைத்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் சில மாற்றங்கள் நடக்கும். ரத்தத்தில் நீரின் அளவு கூடும், வியர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதில் உப்பு குறைவாகப் போகும், அதே வேலைக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கும். வேலையை விட்டு ஒரு வாரம் நிழலில் உட்கார்ந்தாலே இந்தப் பழக்கம் கரையத் தொடங்கிவிடும். விசாவுக்காகக் காத்திருக்கும் நாட்களில் பலர் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரம் அவன் தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வெயிலில் உடலுழைப்பு செய்யட்டும். முதல் நாள் கொஞ்சம், அப்புறம் படிப்படியாக. வயல் வேலையோ, யாருக்காவது செங்கல் தூக்கிக் கொடுப்பதோ எதுவானாலும் சரி.

அங்கே போன பிறகு புதியவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதமாகக் கூட்டி ஐந்தாம் நாள் முழு வேலை. பத்து மணி நேர டூட்டி என்றால் முதல் நாள் இரண்டு மணி நேரம்தான் வெயிலில் பளுவான வேலை, மிச்ச நேரம் நிழலில். நல்ல கம்பெனிகள் இதைச் செய்கின்றன. செய்யாத இடத்தில் தம்பி தானாகவே ஃபோர்மேனிடம் கேட்க வேண்டியிருக்கும். "நான் புது ஆள், முதல் நாலு நாள் கம்பி வளைக்கிற ஷெட்டில் போடுங்கள்" என்று கேட்டால் பல ஃபோர்மேன்கள் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் ஆள் விழுந்தால் அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டிய வேலை இருக்கிறது. சைட்டில் ஓடுவது பெரும்பாலும் இந்திதான். அவனுக்கு இந்தி வராது என்றால் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள்: "சக்கர் ஆ ரஹா ஹை", தலை சுற்றுகிறது என்று அர்த்தம். சொல்லத் தெரியாததால் சும்மா இருந்து விழுந்தவர்கள் உண்டு.

அடுத்தது, போனில் காட்டும் வெப்பநிலையை வைத்து அன்றைய ஆபத்தை எடை போடக் கூடாது. வளைகுடாவில் மனிதனை வீழ்த்துவது பெரும்பாலும் புழுக்கம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிந்து கீழே விழுமே தவிர, குளிர்ச்சி தராது. அதனால்தான் சைட்டில் ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்ற அளவை வைத்துக்கொள்கிறார்கள். கருவியில் WBGT என்று எழுதியிருக்கும். வெயில் படும் இடத்தில் அதன் கணக்கு இதுதான்:

```
WBGT = 0.7 × Tnwb + 0.2 × Tg + 0.1 × Ta
```

இதில் Tnwb என்பது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது, Tg என்பது கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவது, Ta நமக்குத் தெரிந்த காற்றின் வெப்பநிலை. ஈரத்துக்கு 70 சதவீதம் எடை, போனில் காட்டும் வெப்பநிலைக்கு வெறும் 10 சதவீதம்.

ஒரு ஜூன் மத்தியானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று 45 டிகிரி, வறண்ட காற்று என்பதால் ஈரக்குமிழ் 24, கறுப்புக் கோளம் 57. கூட்டினால் 32.7 வருகிறது. இப்போது ஆகஸ்ட் மாதக் காலை, கடலோரம். காற்று 36 தான், ஆனால் ஈரக்குமிழ் 31, கோளம் 48. கூட்டினால் 34.9. பார்க்க ஒன்பது டிகிரி குறைவான அந்தக் காலைதான் உடம்புக்கு அதிக ஆபத்து. கத்தாரில் 2021 முதல் இருக்கும் விதிப்படி இந்த அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால், மணி எத்தனையாக இருந்தாலும் வெளிவேலையை நிறுத்த வேண்டும். அதோடு ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கவே கூடாது. பத்து மணிக்குத்தான் தடை என்பதால் ஒன்பது மணி பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். ஆகஸ்டில் அது சரியில்லை. சைட்டில் அந்த அளவைப் பலகையில் எழுதிப் போடுவார்கள் அல்லது கொடி நிறத்தில் காட்டுவார்கள். காலை டூட்டி தொடங்கும் முன் பலகை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டி வரும்; ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே தலைவலி, வாந்தி, குழப்பம் வரை கொண்டுபோகும். உப்பு வர வேண்டிய இடம் சாப்பாடு. கேம்பில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சாப்பிடாமல் பஸ் ஏறுகிறவர்கள் ஏராளம். பதினோரு மணிக்குக் கை கால் பிடித்து இழுப்பது அவர்களுக்குத்தான். ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டுப் போனாலே பாதி வேலை முடிந்தது. அதிகமாக வியர்க்கும் நாளில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பொதுவாக ஒரு லிட்டரில், கரைத்துக் குடிக்கலாம். உப்பு மாத்திரை வேண்டாம், எனர்ஜி டிரிங்க் வேண்டாம். இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும், யாரும் வாய் திறந்து சொல்லாத காரணம்: கழிப்பறை தூரத்தில் இருக்கிறது, போய் வந்தால் ஃபோர்மேன் முறைக்கிறார் என்று பலர் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். மதியத்துக்குள் ஒருமுறைகூடச் சிறுநீர் கழிக்கவில்லை, அல்லது கழித்தது டீ நிறத்துக்குப் போகிறது என்றால் அவன் ஏற்கெனவே பின்தங்கிவிட்டான்.

வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருக்கும் நாளிலும், முந்தைய இரவு கேம்பில் ஏசி ஓடாமல் தூங்காத நாளிலும் வெயில் வேலை கூடாது. முந்தைய நாள் வெப்பத்திலிருந்து உடம்பு மீள்வது ராத்திரியில்தான். பிரஷர் மாத்திரையோ சளி, அலர்ஜி மாத்திரையோ எடுக்கிறவன் என்றால் போகும் முன்பே டாக்டரிடம் வெயில் வேலை என்று சொல்லிக் கேட்கட்டும். சில மாத்திரைகள் நீரை இறக்கும், சில வியர்வையைக் குறைக்கும்.

இனி முக்கியமான இடம். மனிதன் எப்போது வெறும் களைப்பில் இருக்கிறான், எப்போது சாவுக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? களைப்பில் இருப்பவனுக்குத் தலைவலி இருக்கும், குமட்டும், கிறுகிறுக்கும், வியர்த்துக் கொட்டும், ஆனால் புத்தி தெளிவாக இருக்கும். நிழலில் படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, பூட்ஸையும் கவராலையும் கழற்றி, தண்ணீர் தெளித்து, குடிக்கக் கொடுத்தால் அரை மணியில் தேறுவான். தேறினாலும் அன்றைக்கு மறுபடி வெயிலுக்குப் போகக் கூடாது. தேறவே இல்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் அடுத்த நிலைக்குப் போவதாக எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். புத்தி தடுமாறினால் அது வெப்பவாதம். சன் ஸ்ட்ரோக் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். உள் உடம்பு 40 டிகிரியைத் தாண்டி மூளை வேகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இங்கே பலர் ஏமாறுவது வியர்வையில். "வெப்பவாதம் வந்தால் வியர்வை நின்று தோல் காய்ந்துவிடும்" என்று பழைய போஸ்டர்களில் இருக்கும். நிழலில் கிடக்கும் முதியவர்களுக்கு அது பொருந்தும். வேலை செய்துகொண்டே விழும் இளைஞனுக்குச் சட்டை பிழியும் அளவுக்கு வியர்வை இருக்கும்போதே வெப்பவாதம் வரும். நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரையும் அக்குளில் வைப்பதையும் நம்ப முடியாது. தோல் நனைந்திருப்பதால் வெளியே 37.5 காட்டும்போது உள்ளே 41 இருக்கலாம். நம்ப வேண்டியது அவன் பேச்சையும் நடத்தையையும்தான்.

கடலோர சைட் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் மாதம், அடித்தளக் குழிக்குள் கம்பி வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பக்கமும் மண் சுவர், காற்று இறங்காது, கம்பியிலிருந்து எழும் சூடு வேறு. வேலைக்கு வந்து மூன்றாம் நாளான ஒரு பையனும், பல வருஷம் அங்கே இருந்த ஒருவரும் ஜோடி. பத்து மணித் தடைக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது, முடித்துவிட்டு ஏறலாம் என்று எல்லோரும் வேகம் காட்டினார்கள். பையன் கொக்கியைச் சுழற்றிக் கட்டிய முடிச்சின் மேலேயே இன்னொரு கட்டுக்கம்பியைப் போட்டு மறுபடி முறுக்கினான். அதன் மேல் மூன்றாவது முறையும். மூத்தவர் "தம்பி, அதைத்தான் கட்டியாச்சே" என்றதற்கு அவன் எரிந்து விழுந்தான். அதுவரை அண்ணே அண்ணே என்று இருந்தவன். பிறகு கொக்கியைப் போட்டுவிட்டு ஏணிக்கு எதிர்த் திசையில் நடந்தான். மயங்கவும் இல்லை, விழவும் இல்லை. வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது.

மூத்தவர் சத்தம் போட்டு ஆளைக் கூட்டியதால் பிழைத்தான். மேலே ஏற்றி நிழலுக்குக் கொண்டுவந்ததும் மூன்று கேள்வி கேட்டார்கள். உன் பேர் என்ன, இன்று என்ன கிழமை, இப்போது எங்கே இருக்கிறோம். பேர் சொன்னான். கிழமை கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் எதையோ முணுமுணுத்தான். மூன்றாவதற்குப் பதிலே இல்லை. ஒரு பதில் தப்பினாலே போதும், அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் கிடையாது.

அப்போது சூப்பர்வைசர் பிக்கப் வண்டியை எடுத்து வரச் சொன்னார். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், தப்பாகப் போவதும் இங்கேதான். ஆஸ்பத்திரி முக்கால் மணி தூரம் என்றால் அந்த முக்கால் மணியும் மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் அதே சூட்டில் இருக்கும். விழுந்ததிலிருந்து அரை மணிக்குள் உடம்பைக் குளிரவைத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். ஆகவே முதலில் அங்கேயே குளிரவைக்க வேண்டும், கொண்டுபோவது அதற்குப் பிறகு. ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போதே மற்றவர்கள் தண்ணீர் ஊற்றத் தொடங்க வேண்டும். கத்தாரில் எண் 999. எந்த கேட், பக்கத்தில் என்ன அடையாளம் என்று சொல்லி, கேட்டில் ஒருவரை நிறுத்த வேண்டும். பெரிய சைட்டுகளில் ஆம்புலன்ஸ் உள்ளே வழி தெரியாமல் சுற்றுவதிலேயே நேரம் போகும்.

அவர்கள் செய்தது இது. சிமென்ட் மூடி வைத்திருந்த நீலத் தார்ப்பாயை விரித்து, கவரால், பூட்ஸ், ஹெல்மெட்டைக் கழற்றி, பையனை நடுவில் படுக்க வைத்தார்கள். ஆறு பேர் சுற்றி நின்று தார்ப்பாயின் ஓரங்களைத் தொட்டில் மாதிரி தூக்கிப் பிடித்தார்கள், தண்ணீர் வெளியே ஓடாமல். ஒருவர் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொண்டார். குடிதண்ணீர் கூலர்களில் இருந்ததையும் பெட்டியில் இருந்த ஐஸையும் அப்படியே கொட்டினார்கள். நூறு லிட்டரை ஒட்டித் தேவைப்படும். பிறகு ஓரங்களை ஆட்டித் தண்ணீரை அலையவிட்டார்கள். அசையாத தண்ணீரில் தோலை ஒட்டிய பகுதி சூடாகி நின்றுவிடும், அதனால் ஆட்ட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அவன் நடுங்க ஆரம்பித்தான், "ஏன் என்னை நனைச்சிருக்கீங்க" என்று கேட்டான். புத்தி திரும்பி, நடுக்கம் வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் அதிகமாகக் குளிர்ந்துவிடும்.

ஐஸ் இல்லை என்றால் சாதாரணத் தண்ணீரே போதும். டேங்கர் குழாயைத் திருப்பி உடம்பு முழுக்க விடாமல் ஊற்றி, கிடைத்த அட்டையால் விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் துண்டு வைப்பது கூடுதல் உதவிதான், அதை மட்டும் செய்துவிட்டு உட்காரக் கூடாது. குழம்பிப் போயிருப்பவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். "காய்ச்சல் மாதிரி கொதிக்கிறது" என்று பாராசிட்டமால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சூட்டை அது இறக்காது, அடிபட்டிருக்கும் கல்லீரலுக்குக் கூடுதல் கெடுதல்தான்.

கவனித்துப் பாருங்கள், அந்தப் பையனுக்குத் தனக்கு ஏதோ ஆகிறது என்றே தெரியவில்லை. மூளை தடுமாறும்போது அதை உணர வேண்டியதும் அதே மூளைதான். அதனால் தம்பி தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்று நம்ப முடியாது. போன முதல் நாளே ஜோடி ஆளிடம், அது நேபாளியோ வங்காளியோ யாரானாலும் சரி, "நான் ஏடாகூடமாகப் பேசினாலோ தள்ளாடினாலோ விடாதே, நானும் உன்னை விடமாட்டேன்" என்று சொல்லி வைக்கட்டும். தனியாக, மற்றவர் கண்ணில் படாத இடத்தில் வேலை கொடுத்தால் முதல் வாரத்தில் மறுக்கட்டும். வெப்பத்தால் உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பினால் வேலையை நிறுத்தவும் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் செய்யவும் கத்தாரின் 2021 விதி உரிமை தருகிறது. நிழலான ஓய்விடமும் குளிர்ந்த குடிநீரும் இலவசமாகத் தர வேண்டியது முதலாளியின் கடமை. அதே விதியில் ஆண்டுக்கு ஒரு மருத்துவப் பரிசோதனையும் இருக்கிறது, அதைத் தவறவிட வேண்டாம்.

வெப்பவாதம் வந்து தெளிந்தவன் எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சூட்டில் தசை சிதைந்து அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். தொடை, முதுகு எல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே போய் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். வெயில் மயக்கம் வராதவனுக்கும்கூடப் பளுவான வேலைக்குப் பிறகு இது வரலாம். வேலைக்குத் திரும்புவது டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, ரத்தப் பரிசோதனை சரியான பிறகு, மறுபடி முதல் நாள் போலக் குறைந்த நேரத்திலிருந்து. அந்தப் பையன் சில வாரம் கழித்து ஷெட்டில் கம்பி வெட்டும் வேலைக்குத்தான் முதலில் வந்தான்.

தம்பி அடுத்த வருஷம் ஊருக்கு லீவில் வந்து கோடையில் திரும்புவான் என்றால் அப்போதும் அவன் கிட்டத்தட்டப் புது ஆள்தான். இந்த வேலையில் பழகியவர்கள் திரும்பும்போது முதல் நாள் பாதி வேலை, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நாலாம் நாள் முழுசாக என்பது கணக்கு. ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் இருந்துவிட்டான் என்றால் இந்தக் கணக்கை விட்டு, 20 சதவீதத்திலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.